இரண்டு கணக்கு, இரண்டு எல்லை

(கோவையில் சிறு முதலீட்டாளர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பங்கு வியாபாரம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1991-ல் கோவைக்கென்றே ஒரு பங்குச் சந்தை தொடங்கியது. ஆலை முதலாளிகள் மட்டுமல்லாமல் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் தரகர் அலுவலகம் தேடிப் போய்ப் பங்கு வாங்கிய காலம் அது. 2013-ல் அந்தச் சந்தை விடைபெற்றது. வியாபாரம் முழுவதும் அதற்கு முன்பே மும்பையின் கணினிகளுக்குப் போயிருந்தது. இன்று காங்கயத்திலோ கோபியிலோ உட்கார்ந்துகொண்டு ஒருவர் கைபேசியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்.

இந்த வசதியோடு ஒரு தொல்லையும் வந்தது. மகளின் படிப்புக்காக பத்து ஆண்டுகளாகச் சேர்த்த பங்குகளும், இன்று காலை வாங்கி மதியம் விற்க நினைக்கும் ஆப்ஷனும் ஒரே செயலியில், ஒரே கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. இரண்டுக்கும் பணம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. இவற்றை எப்படிப் பிரிப்பது, பிரித்தபின் ஒவ்வொன்றுக்கும் என்ன எல்லை வைப்பது என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம். முதலாவதை நிலை முதல் என்றும் இரண்டாவதை வியாபார முதல் என்றும் அழைக்கிறேன்.

ஏன் பிரிக்க வேண்டும்? விலை இறங்கும்போது இந்த இரண்டு பணமும் நம்மிடம் நேர் எதிரான செயலைக் கேட்கின்றன. நல்ல நிறுவனங்களில் போட்ட நிலை முதல், சந்தையோடு சேர்ந்து இருபது சதவீதம் இறங்கினால் பொறுமையாக இருக்க வேண்டும். முடிந்தால் இன்னும் கொஞ்சம் வாங்க வேண்டும். வியாபார முதல் இருபது சதவீதம் இறங்கினால் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். ஒரே கணக்கில் இரண்டையும் வைத்திருப்பவர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார். பயத்தில் நல்ல பங்கை விற்கிறார். நஷ்டத்தில் இருக்கும் டிரேடைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இது நான் கண்டுபிடித்த யோசனை அல்ல. 1949-ல் வெளியான தம் புகழ்பெற்ற முதலீட்டு நூலிலேயே பெஞ்சமின் கிரஹாம் இதைச் சொல்லியிருக்கிறார்: ஊக வியாபாரம் செய்தே தீருவேன் என்பவர் அதற்குச் சிறு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும், லாபம் வருகிறதே என்று அதில் மேலும் பணம் கொட்டக் கூடாது. நம் சட்டமும் இந்தப் பிரிவை ஏற்றுக்கொள்கிறது. 2007-ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை, ஒரே நபர் முதலீட்டுக்கு ஒரு தொகுப்பும் வியாபாரத்துக்கு ஒரு தொகுப்பும் வைத்திருக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருப்பூரில் சிறு நிட்டிங் யூனிட் நடத்தும் ஒருவரிடம் 50 லட்சம் ரூபாய் சேமிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு வேண்டிய நடைமுறை மூலதனமும், ஓராண்டு வீட்டுச் செலவும், கட்ட வேண்டிய தவணைகளும் இந்த ஐம்பதில் சேரவில்லை. அவை முதலிலேயே வெளியே எடுத்து வைக்கப்பட்டுவிட்டன. அந்த வேலை முடியாதவருக்கு நான் சொல்லப்போகும் எதுவும் உதவாது. நூல் வாங்கப் பணம் இல்லாத மாதத்தில் அவர் எந்தக் கணக்கிலிருந்தாவது எடுக்கத்தான் செய்வார்.

இந்த 50 லட்சத்தில் வியாபாரத்துக்கு எவ்வளவு? "எவ்வளவு சம்பாதிக்கலாம்" என்ற பக்கத்திலிருந்து தொடங்கினால் தொகை பெருத்துக்கொண்டே போகும். நஷ்டத்தின் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். முழுதும் போனாலும் வீட்டில் எந்தத் திட்டமும் மாறக் கூடாது. அப்படிப்பட்ட தொகை எது? இவருக்கு 5 லட்சம் என்று வைப்போம். அது முழுதும் போனாலும் மிச்சம் 45 லட்சம். அது மீண்டும் 50 ஆவதற்கு ஏறத்தாழ 11 சதவீதம் வளர வேண்டும். ஒன்றரை ஆண்டிலோ இரண்டு ஆண்டிலோ நடக்கக்கூடிய காரியம். இதுவே 25 லட்சத்தை வியாபாரத்துக்கு ஒதுக்கி அது போயிருந்தால், மிச்சப் பணம் இரட்டிப்பாக வேண்டும். அதே வேகத்தில் வளர்ந்தால் அதற்குப் பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகிவிடும்.

நிலை முதலின் எல்லைகளை முதலில் பார்ப்போம். 45 லட்சத்தில் எழுபது சதவீதம், அதாவது 31.5 லட்சம், பங்குகளிலும் பங்குசார் நிதிகளிலும் இருக்கிறது, மீதி 13.5 லட்சம் வைப்புத்தொகை, கடன் பத்திரங்களில். இந்தப் பணம் எவ்வளவு இறங்கலாம்? 2020 ஜனவரியில் 12,430 என்ற உச்சத்தில் இருந்த நிஃப்டி, மார்ச் 24 அன்று 7,511 வரை இறங்கியது. ஏறத்தாழ நாற்பது சதவீதச் சரிவு. அதே போன்ற சரிவு வந்தால் இவருடைய 31.5 லட்சத்தில் 12 லட்சத்துக்கு மேல் கரைந்து தெரியும். 2008-ல் வந்த சரிவு அதைவிடப் பெரியது. சென்செக்ஸ் 21,000-லிருந்து 8,000 சொச்சத்துக்குப் போய், பழைய இடத்துக்குத் திரும்ப 2010 இறுதி வரை ஆனது. 2020-ல் அதே ஆண்டு நவம்பரிலேயே திரும்பிவிட்டது.

ஆகவே நிலை முதலின் முதல் எல்லை காலம். ஐந்து ஆண்டுக்குள் வேண்டிய பணம் பங்குப் பகுதியில் இருக்கக் கூடாது. இந்த எல்லையைக் காத்தால்தான் 12 லட்சம் குறைந்து தெரியும் நாளில் எதையும் விற்காமல் இருக்க முடியும். இந்தப் பகுதிக்கு "பத்து சதவீதம் இறங்கினால் விற்றுவிடு" என்று ஸ்டாப் லாஸ் போடுபவர், ஒவ்வொரு சரிவிலும் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் விற்றுவிட்டு, ஏறியபின் வாங்குவார்.

இரண்டாவது எல்லை குவிப்பு. குறியீடு திரும்பி வரும். தனி நிறுவனம் திரும்பி வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. யெஸ் வங்கிப் பங்கு 2018 ஆகஸ்ட்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்தது. 2020 மார்ச் 5-ல் ரிசர்வ் வங்கி அதன்மீது தடை விதித்தபின், மறுநாள் பத்து ரூபாய்க்கும் கீழே போய்வந்தது. அதன் பிறகு வந்த மறுசீரமைப்புத் திட்டம், நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் இருப்பில் முக்கால் பங்கை மூன்று ஆண்டுகளுக்குப் பூட்டி வைத்தது. விற்க நினைத்தாலும் விற்க முடியாது. எனவே ஒரு நிறுவனத்தின் பங்கு, நிலை முதலில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பத்து சதவீதம் முழுக்கப் போனால் நான்கரை லட்சம். வலிக்கும், ஆனால் மீளலாம். நிலை முதலில் ஒன்றை விற்கக் காரணம் வேண்டுமானால் அதை விலையில் தேடாதீர்கள். தணிக்கையாளர் பாதியில் விலகினாரா, முதலாளி தன் பங்குகளை அடகு வைத்துக்கொண்டே போகிறாரா, கடன் விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா என்று நிறுவனத்தின் கணக்கில் தேடுங்கள்.

வியாபார முதலுக்கு வருவோம். இங்கே எல்லைகள் ரூபாயில் இருக்க வேண்டும். 5 லட்சம் வைத்திருப்பவர் ஒரு டிரேடில் ஒரு சதவீதத்துக்கு மேல், அதாவது 5,000 ரூபாய்க்கு மேல் இழக்கத் துணியக் கூடாது. ஒரு மாதத்தில் 30,000 போனால் அந்த மாதம் முடிந்தது. திரையை அணைத்துவிட வேண்டும். மொத்தமாக ஒரு லட்சம் போனால், அதாவது இருபது சதவீதம் போனால், கணக்கே நின்றுவிட வேண்டும். குறைந்தது ஆறு மாதம் எதுவும் செய்யாமல், செய்த டிரேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க வேண்டும்.

ஒரு சதவீதம் என்பது பலருக்கு மிகச் சிறியதாகத் தோன்றும். பத்தில் நான்கு டிரேடில் ஜெயிக்கும் ஒருவர், ஜெயிக்கும்போது தோற்பதைவிட இரண்டு மடங்கு பெறுகிறார் என்றால் அவர் நல்ல வியாபாரிதான். ஆனால் அவரும் சில நூறு டிரேடுகளுக்குள் ஒரு தடவையாவது தொடர்ந்து பத்து முறை தோற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒரு சதவீதமாகப் போட்டவர் அந்தப் பத்தில் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இழப்பார். ஐந்து சதவீதமாகப் போட்டவர் நாற்பது சதவீதம் இழப்பார். அதை மீட்க 67 சதவீத லாபம் வேண்டும். இருவருக்கும் திறமை ஒன்றுதான். எல்லைதான் வேறு.

இந்த 5,000 ரூபாயை எப்படிப் பங்கு எண்ணிக்கையாக மாற்றுவது? ஒரு பங்கை 400 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். 380-க்கு வந்தால் என் கணிப்பு தவறு, வெளியே வந்துவிடுவேன் என்று முன்பே தீர்மானிக்கிறீர்கள். ஒரு பங்குக்கு நஷ்டம் 20 ரூபாய். 5,000-ஐ 20-ஆல் வகுத்தால் 250 பங்கு. ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கலாம். வெளியேறும் விலை 360 என்றால் 125 பங்குதான். வெளியேறும் விலையை முதலில் குறிக்க வேண்டும். எண்ணிக்கை அதிலிருந்து தானாக வரும். கையில் பணம் இருக்கிறதே என்று எண்ணிக்கையை முதலில் முடிவு செய்பவருக்கு எல்லையே கிடையாது.

இதே கணக்கைக் குறியீட்டு ஃபியூச்சரில் போட்டால் ஒரு பெரிய உண்மை வெளிப்படும். 2024 நவம்பர் முதல் புதிய குறியீட்டு ஒப்பந்தங்களின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் இருக்க வேண்டும் என்று செபி விதித்துவிட்டது. 15 லட்சத்தில் ஒரு சதவீத அசைவு 15,000 ரூபாய். 5,000-ல் நிற்க வேண்டும் என்றால், சந்தை ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு எதிர்த் திசையில் போனதுமே வெளியேற வேண்டும். சாதாரண நாளில் காலை நேர அசைவே அவ்வளவு இருக்கும். அப்படியானால் 5 லட்சம் வியாபார முதல் உள்ளவருக்கு, அவர் எல்லையை மதிப்பவராக இருந்தால், ஒரே ஒரு லாட்டும் பொருந்தாது. மார்ஜின் கட்டப் பணம் போதும் என்பதால் வாங்க முடிகிறது; நஷ்டத்தைத் தாங்கும் அளவு என்பது வேறு. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாளில் நிஃப்டி ஆறு சதவீதத்தை ஒட்டி வீழ்ந்தது. இன்றைய அளவுள்ள ஒரு லாட்டில் அப்படி ஒரு நாள் வந்தால் 88,000 ரூபாய்க்கு மேல் போகும். ஒரு லட்ச எல்லைக்குப் பக்கத்தில் ஒரே நாளில் போய்விடும்.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்கு இரண்டு லட்சம். இதைவிட என்னை உலுக்கிய செய்தி, தொடர்ந்து இரண்டு ஆண்டு நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேல் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள் என்பது. நிற்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே எழுதி வைக்காதவர் நிற்க மாட்டார்.

இரண்டையும் பிரித்து எல்லையும் வைத்தாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் எழுப்பிய சுவர் எங்கே உடைகிறது? மூன்று இடங்களில்.

முதல் உடைப்பு நம் எல்லோருக்கும் பழக்கமான பேச்சில் இருக்கிறது. "டிரேடுக்குத்தானுங்க வாங்கினேன். எறங்கிப் போச்சு. சரின்னு லாங் டேர்முக்கு விட்டுட்டனுங்க." இந்தப் பேச்சைக் கேட்காத தரகர் அலுவலகம் கொங்கு நாட்டில் இருக்காது. 380-ல் முடிந்திருக்க வேண்டிய 5,000 ரூபாய் நஷ்டம், 200 ரூபாயில் 50,000 ஆகி, நிலை முதலில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த நிறுவனத்தை நிலை முதலுக்காக யாரும் ஆராயவில்லை; ஒரு வார அசைவுக்காக வாங்கியது. சில ஆண்டுகளில் நிலை முதல், தோற்ற டிரேடுகளின் கிடங்காகிவிடும். ஆகவே கதவு ஒரு பக்கம் மட்டுமே திறக்க வேண்டும். வியாபாரத்தின் லாபம் ஆண்டுக்கொருமுறை நிலை முதலுக்குப் போகலாம். தோற்ற பங்கு போகக் கூடாது. நிலை முதலுக்கு அந்தப் பங்கு வேண்டும் என்று நினைத்தால், முதலில் விற்று நஷ்டத்தை எழுதிவிட்டு, ஒரு மாதம் கழித்து, புதிதாக ஆராய்ந்து வாங்குங்கள்.

இரண்டாவது உடைப்பு அடகு. இது சத்தமில்லாதது, அதனால் ஆபத்தானது. 2020 செப்டம்பர் முதல், நம் டீமேட்டில் பங்குகள் இருந்தபடியே அவற்றை அடகு வைத்து மார்ஜின் பெறும் முறை நடைமுறையில் இருக்கிறது. செயலியில் இரண்டு தொடுகையும் ஒரு ஓடிபியும் போதும். "சும்மா கிடக்கும் பங்குக்கு வேலை கொடுங்கள்" என்பார்கள். நம் திருப்பூர் நண்பர் தம் 5 லட்சம் ரொக்கத்தோடு, நிலை முதலிலிருந்து 5 லட்சம் மார்ஜின் மதிப்புள்ள பங்குகளை அடகு வைக்கிறார் என்று கொள்வோம். ஒரு லாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் மார்ஜின் என்றால் ஐந்து லாட் வாங்கலாம். 75 லட்சம் ரூபாய் ஒப்பந்தம். ஜூன் 4 போன்ற ஒரு நாளில் நஷ்டம் நான்கரை லட்சத்தை நெருங்கும். அந்த நஷ்டத்தை அன்றாடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும். அடகு வைத்த பங்கு அதற்கு ஆகாது. ரொக்கம் கிட்டத்தட்ட முழுக்கப் போகும். அதே நாளில் அடகு வைத்த பங்கின் மதிப்பும் இறங்கியிருக்கும். சந்தை கொந்தளிப்பதால் மார்ஜின் தேவையும் ஏறியிருக்கும். மூன்றும் ஒரே காலையில் வந்து நிற்கும். பணம் கட்டாவிட்டால் தரகு நிறுவனம் அடகுப் பங்கை விற்றுவிடும், அதுவும் அடிமட்ட விலையில். பத்து ஆண்டுக்கு என்று வாங்கிய பங்கு ஒரு நாள் டிரேடுக்குப் பலியாகிறது.

நூற்பாலைகளை அறிந்த உங்களுக்கு இது புதிய பாடமல்ல. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஆண்டு முடிவதற்குள் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. ஒரு லட்சத்தில் பஞ்சு இருப்பு வாங்கியவருக்கு நஷ்டம் நிச்சயம். ஆனால் சரக்குக்கான கடன் சரக்கோடு நின்றிருந்தால் அது ஒரு கெட்ட ஆண்டு. அதற்கு ஆலை நிலத்தையும் ஈடாகக் கொடுத்திருந்தால், கேள்வி ஆலையைப் பற்றியதாகிவிடும். டீமேட்டிலும் அதே விதி. நிலை முதலில் ஒரு பங்கைக்கூட வியாபாரத்துக்கு அடகு வைக்காதீர்கள்.

மூன்றாவது உடைப்பு நிரப்புதல். வியாபார முதல் 4 லட்சமாக இறங்கியதும், நிலை முதலில் ஒரு நிதியை விற்று மீண்டும் ஐந்தாக்குவது. இதை ஐந்து முறை செய்தால் ஐந்து லட்சம் போயிருக்கும். ஆனால் கணக்கைத் திறந்தால் எப்போதும் நான்குக்கும் ஐந்துக்கும் இடையில்தான் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வியாபாரக் கணக்குக்கு இதுவரை மொத்தம் எவ்வளவு பணம் போனது, எவ்வளவு திரும்பியது என்ற இரண்டு எண்களை மட்டும் தனியாக எழுதி வருவது. செயலி காட்டும் லாப நஷ்டத்தைவிட உங்கள் வங்கிப் புத்தகம் உண்மை சொல்லும்.

இந்தச் சுவரை நடைமுறையில் எழுப்ப மன உறுதி மட்டும் போதாது. இரண்டு டீமேட் கணக்குகள் வேண்டும். முடிந்தால் இரண்டு வேறு தரகு நிறுவனங்களில். நிலை முதல் இருக்கும் கணக்கில் ஃபியூச்சர், ஆப்ஷன் வசதியையே திறக்காதீர்கள். இதற்கு வரியிலும் வலுவான காரணம் உண்டு. ஒரே டீமேட்டில் ஒரே பங்கை வேறு வேறு தேதியில் வாங்கியிருந்தால், முதலில் வந்ததுதான் முதலில் விற்றதாக வருமான வரிக் கணக்கு எடுத்துக்கொள்ளும். ஐந்து ஆண்டுக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய ஆயிரம் பங்கு உங்களிடம் இருக்கிறது. இப்போது ஒரு வார டிரேடுக்காக அதே பங்கில் 200-ஐ 400-க்கு வாங்கி 420-க்கு விற்கிறீர்கள். உங்கள் மனதில் லாபம் 4,000 ரூபாய். வரிக் கணக்கில் விற்றது பழைய பங்கு; லாபம் 64,000 ரூபாய். ஓராண்டின் நீண்ட கால லாபத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் போகும் பகுதிக்கு 12.5 சதவீத வரி என்பதால், கேட்காத வரியும் வரலாம். பழைய வாங்கல் தேதியும் போய்விடும். இந்த முதலில்-வந்தது விதி ஒவ்வொரு டீமேட்டுக்கும் தனித்தனியாகப் பொருந்துவதால், கணக்கைப் பிரித்தாலே இந்தச் சிக்கல் தீரும்.

பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்த பங்கை மூலதன லாபமாகக் காட்டினால் வரி அதிகாரி தகராறு செய்யக் கூடாது என்று 2016-ல் வந்த சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் ஒருமுறை எடுத்த நிலையைப் பின்வரும் ஆண்டுகளில் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது. தனித்தனிக் கணக்கு வைத்திருப்பவருக்கு இந்த நிபந்தனை சுமையாக இருக்காது. உங்கள் ஆடிட்டரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே எந்தக் கணக்கு எது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்படிப் பிரிப்பது வியாபாரத்தில் லாபம் தராது. தோற்கும் வியாபாரத்தைச் சிறியதாகவும் கண்ணுக்குத் தெரியும்படியும் வைக்கும், அவ்வளவே. மூன்று ஆண்டு கழித்து வியாபார முதலின் வருமானத்தை, தரகு, வரி எல்லாம் கழித்து, ஒரு சாதாரணக் குறியீட்டு நிதியோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால், அந்த 5 லட்சத்தையும் நிலை முதலில் சேர்த்துவிட்டு, அந்த நேரத்தை உங்கள் யூனிட்டுக்கோ குடும்பத்துக்கோ கொடுங்கள். பிரித்து வைத்ததால்தான் இந்த ஒப்பீடே சாத்தியமாகிறது. கலந்து வைத்தவருக்கு நிலை முதலின் லாபம் வியாபார நஷ்டத்தை ஆயுள் முழுக்க மறைத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே திங்கட்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்குச் சந்தை திறக்கும் முன் நான்கு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். வியாபாரத்துக்கு ஒதுக்கிய தொகை, ஒரு டிரேடில் போகலாம் என்ற ரூபாய், ஒரு மாதத்தில் போகலாம் என்ற ரூபாய், கணக்கை நிறுத்தும் ரூபாய். அந்தத் தாளை உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்து, மாதக் கடைசியில் வியாபாரக் கணக்கின் அறிக்கையை அவர் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி எண்ணைத் தொட்ட நாளில் நிறுத்தச் சொல்லும் உரிமை அவருடையது. அந்தப் பணத்தைச் சேர்த்ததில் அவருக்கும் பாதி பங்கு உண்டு.